349 ரூபாய் "சுகர் டீ" பாக்கெட்: உள்ளே இருப்பது என்ன?

கார்த்திகா, கோவில்பட்டி

அப்பாவுக்கு 61 வயது. பல வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். சித்தப்பா ஆன்லைனில் ஒரு மூலிகை டீப்பொடி வாங்கிக் கொடுத்திருக்கிறார். 100 கிராம், 349 ரூபாய்.

பாக்கெட்டின் முன்பக்கத்தில் ஆவாரம்பூவும் சிறுகுறிஞ்சான் இலையும் பெரிதாகப் படம் போட்டிருக்கிறது. "30 நாளில் சர்க்கரை கட்டுக்குள்", "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது", "பக்கவிளைவு அற்றது" என்று மூன்று வாசகங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் சேர்மானம்: கொத்தமல்லி விதை, வெந்தயம், ஆவாரம்பூ, நாவல் கொட்டை, சுக்கு, பட்டை, சிறுகுறிஞ்சான். இதே வரிசைதான். எது எவ்வளவு என்று போடவில்லை. ஒரு டீஸ்பூன், அதாவது 2 கிராம், வெந்நீரில் போட்டு வடிகட்டி காலை மாலை குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறது.

அப்பா குடிக்க ஆரம்பித்த பிறகு வெறும் வயிற்றுச் சர்க்கரை 182லிருந்து 151 ஆகியிருக்கிறது. "இனி மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம்" என்கிறார் சித்தப்பா. எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் பாக்கெட்டை எப்படி எடைபோடுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பசுமை ராஜ்

பயப்பட என்ன இருக்கிறது? எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறதென்றால் அரசு பரிசோதித்து அனுமதி கொடுத்த பொருள் என்றுதான் அர்த்தம். சேர்மானம் ஏழும் நம் அஞ்சறைப் பெட்டியிலும் வேலியோரத்திலும் இருப்பவை. 182 எங்கே, 151 எங்கே? கண்ணெதிரே பலன் தெரியும்போது பாக்கெட்டை எதற்கு ஆராய வேண்டும்? மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான்.

லேபிள் கண்ணாடி

ராஜ் கடைசியாகச் சொன்னது சரி. முதலில் சொன்னது சரியில்லை. உணவு கம்பெனி ஒன்றில் லேபிள் சரிபார்ப்பதுதான் என் வேலை, அதனால் இது கொஞ்சம் நீளும்.

அந்த 14 இலக்க எண் தயாரிப்பவருக்குக் கொடுக்கப்படுவது. பாக்கெட்டில் உள்ள பொடிக்கு அல்ல. முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு தயாரிப்பாளருக்கான பதிவு. "இந்தப் பொடியை ஆய்வகத்தில் சோதித்தோம், சர்க்கரை குறைகிறது" என்று அந்த எண் எங்கும் சொல்லவில்லை. foscos.fssai.gov.in தளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயரும் முகவரியும் பாக்கெட்டோடு பொருந்துகிறதா, உரிமம் நடப்பில் இருக்கிறதா, என்ன வகை உணவுக்கு வாங்கியிருக்கிறார்கள் என்பது தெரியும். அதற்கு மேல் அதில் எதுவும் கிடையாது.

முக்கியமான விஷயம் வேறு. உணவு என்று உரிமம் வாங்கிவிட்டு, நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று பாக்கெட்டில் போடக் கூடாது. 2018ல் வந்த விளம்பர, உரிமைகோரல் விதிமுறை அதைத் தடுக்கிறது. சித்த மருந்து என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணுக்குப் பதில் மருந்துத் தயாரிப்பு உரிம எண் இருக்கும், "சித்த மருந்து" என்று எழுதியிருக்கும், ஒவ்வொரு சரக்கும் எவ்வளவு என்றும் போட்டிருக்கும். அப்படிப்பட்ட மருந்துக்குக்கூட "நீரிழிவு குணமாகும்" என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்ய முடியாது. 1954ஆம் வருடச் சட்டத்தின் அட்டவணையில் நீரிழிவு இருக்கிறது.

ஆக உங்கள் பாக்கெட் உணவு என்ற பெயரில் உரிமம் வாங்கிக்கொண்டு மருந்து மாதிரி பேசுகிறது. நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அடுத்தது சேர்மான வரிசை. எடையில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. உங்கள் பாக்கெட்டில் முதலில் வருவது கொத்தமல்லி, பிறகு வெந்தயம். படத்தில் பெரிதாக இருக்கும் சிறுகுறிஞ்சான் கடைசியில் நிற்கிறது. ஒரு சரக்கைப் படம் போட்டு முன்னிறுத்தினால் அது எத்தனை சதவீதம் என்றும் போட்டாக வேண்டும். 2020 லேபிள் விதிமுறையில் இருக்கிறது. அதையும் போடவில்லை.

மாணிக்கம், நாட்டு மருந்துக் கடை

தங்கச்சி, நான் விருதுநகரில் கடை வைத்திருக்கிறேன். சரக்கு விற்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இன்றைக்கு என் கடையில் 100 கிராம் விலை: கொத்தமல்லி 18 ரூபாய், வெந்தயம் 12, ஆவாரம்பூ 70, நாவல் கொட்டைப் பொடி 40, சுக்கு 60, பட்டை 80, சிறுகுறிஞ்சான் இலை 60. ஏழையும் சம எடையில் கலந்தாலும் 100 கிராமுக்கு ஐம்பது ரூபாய்க்குள் அடங்கும். மல்லியும் வெந்தயமும்தான் அதிகம் என்றால் இன்னும் கீழே போகும்.

விலை போகட்டும். உள்ளே சிறுகுறிஞ்சான் இருக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் நன்றாகப் பரப்பி ஒரு நிமிடம் வைத்திருங்கள். கசக்கும். துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்து, கொஞ்சம் சர்க்கரையைப் போட்டுப் பாருங்கள். சிறுகுறிஞ்சான் போதிய அளவு இருந்தால் இனிப்பே தெரியாது, மணலை மெல்கிற மாதிரி இருக்கும். அரை மணி நேரத்தில் நாக்கு பழையபடி ஆகிவிடும். ஒப்பிட்டுப் பார்க்கத் தனி இலையையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவை விட்டு அல்ல, நீங்களே செய்யுங்கள்.

ஜெயா

ஹெல்த் டிரிங்க் என்றால் நான் வீட்டிலேயே சத்துமாவு அரைத்துவிடுகிறேன். ராகி, கம்பு, பொட்டுக்கடலை, பாதாம், ஏலக்காய். பிள்ளைகள் நன்றாகக் குடிக்கிறார்கள். அளவு வேண்டுமானால் சொல்கிறேன்.

லேபிள் கண்ணாடி

ஜெயா அக்கா, இது சர்க்கரை உள்ளவருக்கான மூலிகை டீ பற்றிய கேள்வி. சத்துமாவு கஞ்சி அவருக்குப் போனால் கணக்கே வேறு. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். பாலில் கலந்து குடிக்கிற "மூலிகை பானம்", சுக்கு காபி மிக்ஸ் என்று கரையும் பொடியாக வருகிறதே, அதில் பலவற்றுக்குச் சேர்மானத்தில் முதல் பெயரே சர்க்கரை அல்லது வெல்லமாக இருக்கும். பின்பக்கச் சத்து அட்டவணையில் 100 கிராமுக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை 80 கிராம் என்று இருந்தால், 10 கிராம் போட்டு ஒரு டம்ளர் குடிப்பவர் 8 கிராம் சர்க்கரை குடிக்கிறார். வெந்நீரில் கரைந்து அடியில் எதுவும் தங்காத பொடி என்றாலே அந்த வரியைப் பார்த்துவிடுவேன்.

கார்த்திகா, கோவில்பட்டி

மாணிக்கம் அண்ணா சொன்னதைச் செய்து பார்த்தேன். முதலில் பாக்கெட் பொடி. வாயில் வைத்ததும் மல்லி வாசனைதான் தூக்கலாக இருந்தது, பின்னால் வெந்தயக் கசப்பு. கொப்பளித்துவிட்டுச் சர்க்கரையைப் போட்டேன், வழக்கம்போல இனித்தது. கொஞ்சம் கூடுதலாகப் பொடி எடுத்து மறுபடி பார்த்தேன், அப்போதும் இனித்தது.

சாயங்காலம் இங்கே கடையில் சிறுகுறிஞ்சான் இலை வாங்கி வந்து, இரண்டு இலையை நசுக்கி நாக்கில் வைத்தேன். அப்புறம் சர்க்கரை போட்டால், அண்ணா, வாயில் கரகரவென்று ஏதோ கரைகிறது, இனிப்பு மட்டும் இல்லை! தம்பிக்கும் கொடுத்தேன். அவன் சந்தேகப்பட்டு லட்டைக் கடித்தான். நெய் வாசனையும் கடலை மாவும் தெரிகிறது, இனிப்பைக் காணோம் என்று ஒரே ஆச்சரியம்.

அப்படியென்றால் பாக்கெட்டில் சிறுகுறிஞ்சானே இல்லையா?

மாணிக்கம், நாட்டு மருந்துக் கடை

இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. நூற்றுக்கு இரண்டோ மூன்றோ இருந்தால் மல்லிப்பொடிக்குள் மறைந்துவிடும். பழைய இலையாக இருந்தாலும் வேகம் குறையும். ஆனால் படம் போட்டு விற்கிற அளவுக்கு இல்லை என்பது உறுதி.

இன்னொன்று, அவர்கள் சொல்கிற பக்குவமே எனக்குப் புரியவில்லை. கொட்டையும் பட்டையும் சுக்கும் வெந்நீரில் போட்டு வடிகட்டினால் எவ்வளவு இறங்கும்? குடிநீர் என்றால் சரக்கை ஒன்றிரண்டாக இடித்து, கொதிக்க வைத்து வற்றக் காய்ச்ச வேண்டும். நிலவேம்புக் குடிநீருக்கும் கபசுரக் குடிநீருக்கும் 5 கிராம் பொடி போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரைக் கால் பங்காக வற்ற வைக்கிறோம். இங்கே 2 கிராம், அதுவும் மல்லி பாதி, வெந்நீரில் முக்கி எடுக்கிறார்கள். வாசனைத் தண்ணீர். குடிக்க நன்றாகத்தான் இருக்கும்.

பசுமை ராஜ்

அண்ணே, நாக்கில் ருசி மறைந்தால்தான் மருந்து என்று யார் சொன்னது? அந்தப் பொடியில் வெந்தயம் இருக்கிறது, ஆவாரம்பூ இருக்கிறது, எல்லாம் சேர்ந்து வேலை செய்யலாமே? 151க்கு யாரும் பதில் சொல்லவில்லை. "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று வேறு போட்டிருக்கிறான்.

சிவகாமி டீச்சர்

கார்த்திகா, ஒரு கேள்வி. இந்த டீ வருவதற்கு முன் அப்பா காலை மாலை என்ன குடித்துக்கொண்டிருந்தார்?

கார்த்திகா, கோவில்பட்டி

பால் டீதான் டீச்சர். காலையில் இரண்டு, மாலையில் ஒன்று. டாக்டர் எவ்வளவு சொல்லியும் சர்க்கரையை விடவில்லை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன். இந்த டீ வந்த பிறகு பால் டீயை விட்டுவிட்டார். இரண்டும் சேர்ந்தால் மருந்து முறிந்துவிடும் என்று சித்தப்பா சொன்னாராம்.

சிவகாமி டீச்சர்

அதைத்தான் நினைத்தேன். ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். மூன்று டீ, ஆறு ஸ்பூன், நாளொன்றுக்கு 24 கிராம் சர்க்கரை நின்றிருக்கிறது. காலையும் மாலையும் டீயோடு கடிக்கிற பிஸ்கெட், முறுக்கு இருந்திருந்தால் அதுவும் நின்றிருக்கும். 151 எங்கிருந்து வந்தது என்று தேட பாக்கெட்டுக்குள் போகவே வேண்டாம்.

பசுமை ராஜ்

இதுவும் ஊகம்தானே டீச்சர்? பொடியால் குறையவில்லை என்று நிரூபணம் இல்லையே.

சிவகாமி டீச்சர்

ஆமாம், ஊகம்தான். நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் பொடியை நிறுத்திவிட்டு, சர்க்கரை இல்லாத வெறும் மல்லித் தண்ணீரோ கடுங்காபியோ அதே நேரத்தில் கொடுத்து, சில வாரம் கழித்துப் பார்க்கட்டும். மாத்திரையும் சாப்பாடும் மாறக் கூடாது. ஒரு நாள் காலை எடுத்த அளவை வைத்து முடிவு கட்டாமல் எச்பிஏ1சி பார்ப்பது நல்லது. அது ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும்.

நான் இதில் மூக்கை நுழைப்பதற்கு என் கதையும் ஒரு காரணம். எனக்கு பிபி உண்டு. போன மழைக்காலத்தில் இருமலுக்கு ஒரு கஷாயப் பொடி வாங்கி, இருமல் நின்ற பிறகும் ருசிக்காகத் தினம் குடித்து வந்தேன். தானாகவே லேசாக இனிக்கும், சர்க்கரை வேண்டாம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் பிபி ஏறிக்கொண்டே போனது, கால் வேறு வீங்கியது. டாக்டர் "வேறு என்ன குடிக்கிறீர்கள்?" என்று கேட்டு, பாக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னார். முதல் சேர்மானம் அதிமதுரம். அது தினமும் உள்ளே போனால் உப்பையும் நீரையும் உடம்பில் நிறுத்தி, பொட்டாசியத்தை வெளியேற்றுமாம். நிறுத்திய பிறகு பிபி பழைய அளவுக்கு வந்தது. அந்தப் பாக்கெட்டிலும் "பக்கவிளைவு அற்றது" என்றுதான் போட்டிருந்தது.

லேபிள் கண்ணாடி

டீச்சர் சொன்ன அதிமதுரம் நிறையப் பொடிகளில் இருக்கிறது, இனிப்புக்காகவே சேர்ப்பார்கள். நாலு நாள் இருமலுக்குக் குடிப்பது ஒன்று, பிபி உள்ளவர் அதைத் தினசரி டீயாக்குவது வேறு.

ராஜ் கேட்ட "ஆய்வு" விஷயத்துக்கு வருகிறேன். எந்த ஆய்வு என்று பாக்கெட்டில் போடவில்லை, போடவும் மாட்டார்கள். சிறுகுறிஞ்சான் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது சென்னையில் நடந்து 1990ல் வெளியான ஒன்று. 22 பேர், தினம் 400 மில்லிகிராம் இலைச்சாறுச் சத்து, 18 முதல் 20 மாதம். வழக்கமான மாத்திரையோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது, சிலருக்கு மாத்திரை அளவும் குறைந்தது. அது நல்ல செய்திதான். ஆனால் அது பிரித்தெடுத்த சத்து, சிறிய கூட்டம், மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு நடந்ததும் அல்ல. அந்தப் பெருமையை மல்லிப்பொடிக்குப் பின்னால் கடைசியில் நிற்கும் ஒரு சிட்டிகை இலைக்குக் கொடுக்க முடியாது.

இதில் ஒரு முரண் இருக்கிறது, கார்த்திகா கவனிக்க வேண்டும். பொடியில் சிறுகுறிஞ்சான் சொற்பம் என்றால் காசுதான் நஷ்டம். "சரி, நல்ல இலையாகவே வாங்கிக் கொடுப்போம்" என்று போனால் வேறு சிக்கல். அப்பா கிளிமிபிரைடு சாப்பிடுகிறார். அது தானே சர்க்கரையை இறக்கும் மாத்திரை. கூடவே இதுவும் வேலை செய்தால் அளவு தாழ்ந்துபோய் வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். வேலை செய்கிற மூலிகை என்றால் டாக்டரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

விக்கி

நடுவில் ஒரு கேள்வி. "ஸ்லிம் டீ" என்று இரவில் குடிக்க ஒன்று வாங்கினேன். ஒரே வாரத்தில் எடை இறங்கியது. இதையும் நாக்கில் வைத்துப் பார்க்கலாமா?

மாணிக்கம், நாட்டு மருந்துக் கடை

நாக்கு வேண்டாம் தம்பி, சேர்மானத்தில் சென்னா என்றோ நிலாவாரை என்றோ இருக்கிறதா பாருங்கள். இரவில் குடித்துக் காலையில் வயிறு ஓடினால் பெரும்பாலும் அதுதான். எங்கள் தெற்கத்திச் சரக்கு, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் விளைந்து வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறுகிறது. மலச்சிக்கலுக்கு இரண்டொரு நாள் நல்லது. இறங்குவது தண்ணீரும் மலமும், கொழுப்பு அல்ல. மாதக்கணக்கில் குடித்தால் உடம்பு தளர்ந்துவிடும், அப்புறம் அது இல்லாமல் வயிறு போகாது.

நல்லூரான்

எங்கட வீட்டிலும் ஆவரசம்பூ அவிச்சுக் குடிக்கிறது வழக்கம். சிங்களத்தில் ரணவரா என்று கடையெல்லாம் இருக்கும். காய்ந்த பூவை முழுசாகவே வாங்குவம், காம்பும் இலையும் கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். நோய்க்கு என்று இல்லை, பால் தேத்தண்ணிக்குப் பதிலாத்தான். பொடியாக வாங்கினால் உள்ளுக்கு என்ன கிடக்கு என்று யாருக்குத் தெரியும்?

மாணிக்கம், நாட்டு மருந்துக் கடை

அதுதான் என் கட்சியும். இலையானாலும் பூவானாலும் முழுசாக வாங்கி வீட்டில் இடித்துக்கொள்ளுங்கள். பாக்கெட் பொடிக்குக் கொடுக்கிற காசில் ஏழு சரக்கும் தனித்தனியாக வாங்கிவிடலாம்.

லேபிள் கண்ணாடி

அண்ணா, இதில் மட்டும் உங்களோடு முழுதாக ஒத்துப்போக மாட்டேன். அந்தப் பாக்கெட்டின் தினசரிச் செலவு 14 ரூபாய், மாதம் 420 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. சரக்கு விலையோடு பார்த்தால் அநியாயம்தான். ஆனால் இடிப்பு, பாக்கெட், வரி, ஆன்லைன் கமிஷன், விளம்பரம் எல்லாம் அதில்தான் வருகிறது. சில்லறையாக வாங்கும் இலையில் தொகுதி எண் கிடையாது, எப்போது பறித்தது என்று தெரியாது, பூஞ்சை பிடித்திருக்கலாம், வேறு கொடியின் இலைகூட வரலாம். பிரச்சினை வந்தால் யாரைக் கேட்பது?

மாணிக்கம், நாட்டு மருந்துக் கடை

என்னைக் கேட்கலாம், முப்பது வருடமாக அதே தெருவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் எல்லாக் கடையும் அப்படி என்று சொல்ல மாட்டேன். கருத்துப்போன பூ, முகர்ந்தால் மக்கல் வாசனை, கையில் எடுத்தால் ஈரப்பிசுபிசுப்பு, இதெல்லாம் இருந்தால் வாங்காதீர்கள். வேறு இலை கலந்திருந்தால், சிறுகுறிஞ்சானைப் பொறுத்தவரை நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஆவாரம்பூவுக்கு அப்படி ஒரு சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

பசுமை ராஜ்

எல்லோரும் சேர்ந்து அந்தப் பாக்கெட்டைப் பிரித்துப் போட்டுவிட்டீர்கள். அவர் பால் டீயை விட்டதே இந்த டீயால்தான் என்பதை ஒப்புக்கொள்ளுங்கள்.

சிவகாமி டீச்சர்

அதை ஒப்புக்கொள்கிறேன் ராஜ். அதற்கு மாதம் 420 ரூபாய் தேவையா என்பதுதான் கேள்வி.

கார்த்திகா, கோவில்பட்டி

டாக்டரிடம் பாக்கெட்டையே எடுத்துக்கொண்டு போனேன். மாத்திரையில் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மல்லி, சுக்கு போட்ட தண்ணீர் குடிக்கட்டும், சிறுகுறிஞ்சானை அவரிடம் கேட்காமல் சேர்க்க வேண்டாம், அடுத்த முறை வரும்போது எச்பிஏ1சி பார்ப்போம் என்றார். "சிலபேர் பொடியில் அலோபதி மாத்திரையையே அரைத்துக் கலந்துவிடுகிறார்கள், அளவு திடீரென்று தடாலடியாக இறங்கினால் அதையும் சந்தேகப்பட வேண்டும்" என்று ஒரு குண்டும் போட்டார். அது இதில் இருக்குமா என்று வீட்டில் கண்டுபிடிக்க வழி உண்டா?

சித்தப்பா இன்னும் இரண்டு பாக்கெட் ஆர்டர் போட்டுவிட்டார், அது தனிக் கதை.

லேபிள் கண்ணாடி

வீட்டில் முடியாது, ஆய்வகத்தில்தான் தெரியும். சில வாரத்தில் 182லிருந்து 151 என்பது தடாலடி இறக்கம் இல்லை, அதனால் இப்போதைக்கு அந்தக் கவலை எனக்கில்லை. ஆனால் மூட்டுவலிப் பொடி, ஆண்மைப் பொடி வகையறாவில் இப்படிப் பிடிபட்டிருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிடுகிறது என்றால் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று யோசிக்க வேண்டும்.

சித்தப்பாவின் பாக்கெட் வந்தால் பிரிக்காமல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம், பின்பக்கம், தொகுதி எண், பில் நான்கையும் படம் எடுத்து "ஃபுட் சேஃப்டி கனெக்ட்" செயலியில் புகாராகப் போடலாம், அல்லது மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் நேரில் கொடுக்கலாம். "குணமாகவில்லை" என்று எழுதாதீர்கள், அதை அவர்களால் சோதிக்க முடியாது. "உணவு உரிமத்தில் சர்க்கரை நோய் குறையும் என்று போட்டிருக்கிறார்கள், படம் போட்ட சரக்குக்குச் சதவீதம் இல்லை" என்று எழுதுங்கள். அந்த இரண்டும் பாக்கெட்டிலேயே இருக்கிறது, சோதனைச்சாலை வேண்டாம்.